தனி உரிமையாளரின் எடுப்பு இலாபத்தைத் தாண்டிவிட்டதா? ஆண்டுக் கணக்கேடுகளைக் கொண்டு கண்டறியும் முழுமையான வழிகாட்டி

தனி உரிமையாளராகக் கடை நடத்துபவருக்குச் சம்பளம் என்று தனியாக எதுவும் கிடையாது. வீட்டுக்காக அவர் எடுக்கும் பணம் செலவுக் கணக்கில் சேராமல் எடுப்புக் கணக்கில் பற்று வைக்கப்பட்டு, ஆண்டு முடிவில் அவர் கடையில் போட்ட முதலிலிருந்து கழிக்கப்படுகிறது. அந்த ஆண்டு ஈட்டிய இலாபம் முதலோடு கூடுகிறது. எனவே எடுப்பு இலாபத்துக்குள் இருந்தால் முதல் வளரும், மிஞ்சினால் முதல் கரையும். கணக்கு இவ்வளவுதான் என்பதால், இலாப நட்டக் கணக்கின் கடைசி வரியையும் எடுப்புப் பேரேட்டின் மொத்தத்தையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் போதும் என்றே பலரும் நினைக்கிறார்கள்.

நடைமுறையில் அந்த இரண்டு தொகைகளுமே பெரும்பாலும் தவறாக இருக்கின்றன. இலாபம் உள்ளதைவிடக் கூடுதலாகவும், எடுப்பு உள்ளதைவிடக் குறைவாகவும் ஏட்டில் பதிவாகியிருப்பதே வழக்கம். வீட்டுக்குப் போன பணம் வேறு பெயர்களில் மறைந்து நிற்பதும், போய்விட்ட சொத்து இன்னும் இருப்பதாகவே ஏடு காட்டுவதும் இதற்குக் காரணம். ஆகவே ஒப்பிடுவதற்கு முன் இரண்டையும் திருத்த வேண்டும். இந்தச் சோதனையில் உண்மையான வேலை திருத்துவதில்தான் இருக்கிறது, ஒப்பீட்டுக்குச் சில நிமிடங்களே ஆகும்.

விளக்கத்துக்காகத் தமிழகத்தின் சிறிய நகரம் ஒன்றில் உள்ள ஹார்டுவேர் மற்றும் பெயிண்ட் கடையின் 2024-25 கணக்கை எடுத்துக்காட்டாக வைத்துக்கொள்வோம். தொகைகள் விளக்கத்துக்காக அமைத்தவை. ஆனால் அவற்றில் வரும் பிழைகள் சிறு வணிகர்களின் ஏடுகளில் அடிக்கடி காணப்படுபவை.

தொடங்குமுன் எடுத்து வைக்க வேண்டியவை

2024 ஏப்ரல் 1 அன்றைய இருப்புநிலைக் குறிப்பு, 2025 மார்ச் 31 வரையிலான இருப்பாய்வு, எல்லாப் பேரேட்டுக் கணக்குகளின் விவரம், கடையின் வங்கி அறிக்கை ஆகியவை தேவை. இவற்றோடு உரிமையாளரின் சொந்தச் சேமிப்புக் கணக்கின் ஓராண்டு அறிக்கையையும் கட்டாயம் எடுக்க வேண்டும். கடைக் கணக்கைச் சரிபார்க்கச் சொந்தக் கணக்கு எதற்கு என்று சிலர் தயங்குவார்கள். யுபிஐ வந்த பிறகு கடைப் பணத்தில் ஒரு பகுதி நேராகச் சொந்தக் கணக்கில் விழுவது மிகச் சாதாரணமாகிவிட்டதால், அது இல்லாமல் இந்தச் சோதனை முழுமை பெறாது.

வருமான வரிப் படிவத்தில் காட்டிய இலாபத்தை இங்கே பயன்படுத்தக் கூடாது. உத்தேச வருமான முறையில் கணக்குத் தாக்கல் செய்பவர்கள் ரொக்க விற்பனையில் 8 சதவீதமும், வங்கி வழியாகவோ டிஜிட்டல் முறையிலோ வந்த விற்பனையில் 6 சதவீதமும் குறைந்தபட்ச இலாபமாகக் காட்டலாம் என்று சட்டம் அனுமதிக்கிறது. அது வரிக்காக வைத்த அளவு. கடை உண்மையில் எவ்வளவு ஈட்டியது என்பதற்கும் அதற்கும் தொடர்பில்லை. நமது எடுத்துக்காட்டுக் கடையின் விற்பனை 96,00,000 ரூபாய். அதில் 6 சதவீதம் என்றால்கூட 5,76,000 ரூபாய் வருகிறது. உண்மை இலாபம் அதைவிடக் கணிசமாகக் குறைவு என்பதைக் கீழே காண்போம்.

டாலி மென்பொருளில் கணக்கு வைப்பவர்கள் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். ஆண்டு இலாபத்தை நாட்குறிப்புப் பதிவு மூலம் முதல் கணக்குக்கு மாற்றாமல் விட்டால், அது இருப்புநிலைக் குறிப்பில் `Profit & Loss A/c` என்ற பெயரிலேயே ஆண்டுக்கணக்காகத் தேங்கி நிற்கும். அப்படிப்பட்ட ஏட்டில் `Capital Account` காட்டும் தொகை மட்டும் உரிமையாளரின் முதல் ஆகாது. இரண்டையும் கூட்டியே தொடக்க முதலை எடுக்க வேண்டும். நமது கடையில் அவ்வாறு கூட்டிய தொடக்க முதல் 12,00,000 ரூபாய்.

ஏடு முதலில் என்ன சொல்கிறது

எதையும் திருத்தாத நிலையில் கடையின் மொத்த இலாபம் 14,80,000 ரூபாய். வாடகை, கூலி, மின்கட்டணம், வட்டி, தேய்மானம் உள்ளிட்ட செலவுகள் 9,60,000 ரூபாய். நிகர இலாபம் 5,20,000 ரூபாய். எடுப்புப் பேரேட்டின் மொத்தம் 4,60,000 ரூபாய். இதன்படி 60,000 ரூபாய் மிச்சம். மேலும், ஆண்டின் நடுவில் வீட்டு நகையை அடகு வைத்து 1,50,000 ரூபாயைக் கடைக்குள் போட்டிருப்பதால், இறுதி முதல் 14,10,000 ரூபாயாக உயர்ந்து நிற்கிறது. இதைப் பார்க்கும் எவருக்கும் கடை வளர்வதாகவே தோன்றும்.

ஆனால் எடுப்பை 12 மாதங்களுக்குப் பங்கிட்டால் மாதம் 38,000 ரூபாய்தான் வருகிறது. இங்கே உரிமையாளரின் வீட்டுச் செலவை ஒரு தாளில் எழுதிப் பார்ப்பது நல்லது. வீட்டுக் கடன் தவணை, பிள்ளைகளின் கட்டணம், மளிகை, மருத்துவம், காப்பீட்டுத் தவணை, விசேஷச் செலவு என்று எழுதிக் கூட்டும்போது தொகை மாதம் 60,000 ரூபாய்க்கு மேல் போகிறது. வீட்டில் வேறு வருமானமும் இல்லை. அப்படியானால் மீதிப் பணம் கடையிலிருந்துதான் போயிருக்க வேண்டும், வேறு பெயரில். எதைத் தேடுகிறோம் என்பதும் ஏறத்தாழ எவ்வளவு தேடுகிறோம் என்பதும் இந்த ஒரு தாளிலிருந்தே தெரிந்துவிடும் என்பதால், பேரேட்டைத் திறக்கும் முன்பே இதைச் செய்துவிடுவது எனக்குச் சரியான வரிசையாகப் படுகிறது.

முதல் படி: இறுதிச் சரக்கிருப்பை எண்ணுதல்

இலாபத்தை வேறு எந்தத் தொகையையும்விட அதிகமாக ஆட்டிவைப்பது மார்ச் 31 அன்றைய சரக்கிருப்பு. அதில் ஒரு ரூபாய் கூட்டினால் இலாபத்தில் ஒரு ரூபாய் கூடும். பல கடைகளில் சரக்கை எண்ணாமல், வங்கிக்குக் கொடுத்த கையிருப்பு அறிக்கையின் தொகையையோ குத்துமதிப்பான ஒரு முழு எண்ணையோ ஏட்டில் எழுதிவிடுகிறார்கள். நமது கடையிலும் 17,00,000 என்ற முழுத் தொகைதான் எழுதப்பட்டிருந்தது. இத்தனை உருப்படிகள் உள்ள கடையில் இறுதி இருப்பு முழு லட்சத்தில் வந்து நிற்குமானால், அது எண்ணப்படவில்லை என்று கொள்ளலாம்.

எண்ணும்போது ஒவ்வொரு பொருளையும் வாங்கிய விலையில் மதிப்பிட வேண்டும். வாங்கிய விலைக்குக் கூட விற்க முடியாத பொருளாக இருந்தால், விற்றால் என்ன கிடைக்குமோ அந்தத் தொகையைத்தான் வைக்க வேண்டும். வாங்கும்போது கட்டிய ஜிஎஸ்டியை உள்ளீட்டு வரியாகத் திரும்ப எடுத்துக்கொண்ட கடை, வாங்கிய விலையில் அந்த வரியைச் சேர்க்கக் கூடாது. எண்ணி முடித்தபோது இருப்பு 16,10,000 ரூபாயாக வந்தது. குறைந்த 90,000 ரூபாய்க்கு மூன்று காரணங்கள் கிடைத்தன. கட்டிப்போன பெயிண்ட் டின்களும் துருப்பிடித்த சாமான்களும் சேர்ந்து 40,000 ரூபாய் மதிப்பை இழந்திருந்தன. ஒரு அலமாரிச் சரக்கு முழுவதும் விற்பனை விலையில் மதிப்பிடப்பட்டிருந்ததால் 15,000 ரூபாய் கூடுதலாக ஏறியிருந்தது. மீதி 35,000 ரூபாய்ச் சரக்கு, உரிமையாளர் தம் வீட்டுக்கு வெள்ளையடிக்கவும் குழாய் மாற்றவும் எடுத்துச் சென்றது.

இந்தக் கடைசித் தொகையில்தான் பலரும் தடுமாறுகிறார்கள். எண்ணிய இருப்பை ஏட்டில் வைத்தவுடன் இலாபம் 90,000 ரூபாய் குறைகிறது. ஆனால் வீட்டுக்குப் போன 35,000 ரூபாய்ச் சரக்கு வியாபார நட்டம் அன்று. அதைக் கொள்முதலிலிருந்து கழித்து எடுப்பில் பற்று வைக்க வேண்டும். ஆகவே இலாபம் 35,000 ரூபாய் மீண்டும் கூடும், எடுப்பும் அதே அளவு கூடும். சொந்த உபயோகத்துக்கு எடுத்த சரக்கின் மீது உள்ளீட்டு வரி எடுக்க முடியாது என்பதால், அதற்குரிய 18 சதவீதமான 6,300 ரூபாயையும் திருப்பிச் செலுத்த வேண்டும். அதுவும் எடுப்பே.

சரக்கு மதிப்பு சரியா என்பதை மொத்த இலாப விகிதமும் காட்டிக்கொடுக்கும். திருத்துவதற்கு முன் அது 15.4 சதவீதம், திருத்திய பின் 14.8 சதவீதம். முந்தைய ஆண்டு 14.7 சதவீதம். விற்பனை விலையிலோ கொள்முதல் விலையிலோ பெரிய மாற்றம் இல்லாத ஆண்டில் விகிதம் திடீரென உயர்ந்திருந்தால், வியாபாரம் சிறந்துவிட்டது என்று மகிழ்வதற்கு முன் சரக்கிருப்பைச் சந்தேகிக்க வேண்டும்.

இரண்டாம் படி: விடுபட்ட செலவும் வராத கடனும்

மாதாமாதம் வரவேண்டிய ஒவ்வொரு செலவுக்கும் பேரேட்டில் 12 பதிவுகள் உள்ளனவா என்று எண்ணிப் பாருங்கள். வாடகைக் கணக்கில் 20,000 ரூபாய் வீதம் 10 பதிவுகளே இருந்தன. பிப்ரவரி, மார்ச் வாடகை கொடுபடவில்லை. அந்த 40,000 ரூபாய் இந்த ஆண்டின் செலவுதான். ஒன்றை மட்டும் மறக்கக் கூடாது: சென்ற ஆண்டின் பாக்கியை இந்த ஆண்டு ஏப்ரலில் கொடுத்து இந்த ஆண்டுச் செலவாகவே எழுதியிருந்தால், அதைக் கழித்துவிட்டு இந்த ஆண்டின் பாக்கியைச் சேர்க்க வேண்டும். ஒரு முனையை மட்டும் திருத்தினால் 13 மாதச் செலவு ஏறிவிடும். நமது கடையில் சென்ற ஆண்டு பாக்கி ஏதும் இல்லை.

அடுத்து, கடன் பாக்கி வைத்தவர்களின் பட்டியலைக் கடைசியாகப் பணம் வந்த தேதி வாரியாக அடுக்குங்கள். ஒரு கட்டட ஒப்பந்ததாரர் 60,000 ரூபாய் பாக்கி வைத்து இரண்டு ஆண்டுகளாக ஒரு ரூபாயும் தரவில்லை, ஊரைவிட்டே போய்விட்டார். அந்த விற்பனையின் இலாபம் என்றோ ஏட்டில் ஏறிவிட்டது, பணம் வரப்போவதில்லை. அதை வாராக்கடனாக எழுதித் தள்ள வேண்டும். மெதுவாகத் தருபவரையும் தரவே மாட்டாதவரையும் ஒன்றாகக் கருத வேண்டியதில்லை. சிறு தொகையாவது அவ்வப்போது தந்துகொண்டிருப்பவரின் கணக்கை நிலுவையிலேயே விடலாம்.

தேய்மானத்தைப் பற்றி ஒரு சொல். அது கையிலிருந்து போகாத செலவு என்பதால் அந்த அளவு கூடுதலாக எடுத்துக்கொள்ளலாம் என்று கருதுவோர் உண்டு. கடையின் சரக்கு வண்டி ஓடித் தேய்கிறது, ஒரு நாள் வேறு வண்டி வாங்கியாக வேண்டும். ஆகவே ஈட்டிய இலாபத்தைக் கணக்கிடும்போது தேய்மானத்தைக் கழித்தே வைத்துக்கொள்ள வேண்டும். நமது கடையில் அது 40,000 ரூபாயாகச் சரியாகவே எழுதப்பட்டிருந்தது.

கடன் தவணையை முழுதாகச் செலவில் எழுதியிருந்தால் அதையும் பிரிக்க வேண்டும். வட்டி மட்டுமே செலவு, அசல் திருப்பிச் செலுத்தியது செலவாகாது.

மூன்றாம் படி: மறைந்திருக்கும் எடுப்பைத் தேடுதல்

எடுப்பு மறைந்திருக்கும் இடங்கள் பெரும்பாலும் மூன்று: செலவுக் கணக்குகள், முன்பணம் மற்றும் சஸ்பென்ஸ் கணக்குகள், ரொக்க இருப்பு.

செலவுக் கணக்குகளைப் பதிவு பதிவாகப் படிக்க வேண்டும், மொத்தத்தை மட்டும் பார்த்தால் எதுவும் தெரியாது. காப்பீட்டுக் கணக்கில் கடையின் தீ விபத்துக் காப்பீட்டோடு உரிமையாளரின் ஆயுள் காப்பீட்டுத் தவணை 36,000 ரூபாயும் சேர்ந்திருந்தது. மின்கட்டணக் கணக்கில் இரண்டு வெவ்வேறு இணைப்பு எண்கள் இருந்தன, ஒன்று வீட்டு இணைப்பு, அதற்குக் கட்டியது 24,000 ரூபாய். இந்த 60,000 ரூபாயைச் செலவிலிருந்து நீக்கி எடுப்பில் சேர்க்க வேண்டும். இலாபமும் எடுப்பும் ஒரே அளவு கூடுவதால் இதனால் இறுதி வித்தியாசம் மாறாது. அப்படியிருந்தும் இதைச் செய்வது அவசியம். ஏனென்றால் வீடு எவ்வளவு எடுக்கிறது என்ற தொகை சரியாகத் தெரியாவிட்டால், அடுத்த ஆண்டு எவ்வளவு குறைப்பது என்று முடிவு செய்ய முடியாது. உரிமையாளரின் வருமான வரியைக் கடைக் கணக்கிலிருந்து கட்டியிருந்தால், அதுவும் எடுப்பே. அதை வரிச் செலவு என்று இலாபத்திலிருந்து கழிக்கக் கூடாது.

முன்பணக் கணக்கில் மகளின் கல்லூரிக் கட்டணம் 85,000 ரூபாய் ஒரு சொத்தாக உட்கார்ந்திருந்தது. பணம் அனுப்பிய அன்று கணக்கு எழுதுபவருக்கு விவரம் தெரியாததால், பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று அங்கே போட்டிருக்கிறார். டாலியில் `Suspense A/c` என்ற தலைப்பும் இதே போன்றதுதான். மார்ச் 31 அன்று அந்தத் தலைப்பில் ஒரு ரூபாய் நின்றாலும், யார் திருப்பித் தருவார்கள், எப்போது தருவார்கள் என்று கேட்க வேண்டும். பதில் இல்லையென்றால் அது எடுப்பு.

மூன்றாவது இடமான ரொக்க இருப்புக்குத்தான் அதிக நேரம் ஒதுக்க வேண்டும். நமது கடையின் ஏட்டில் மார்ச் 31 அன்று ரொக்கம் 1,42,000 ரூபாய். அன்று மாலை கல்லாவில் இருந்தது 12,000 ரூபாய். தினமும் வங்கியில் கட்டிவிடும் வழக்கமுள்ள ஒரு கடையில் ஒன்றரை லட்சம் ரூபாய் ரொக்கம் இருப்பதாக ஏடு சொல்வதே ஓர் அறிகுறி. ஏட்டின் ரொக்க இருப்பு மாதாமாதம் ஏறிக்கொண்டே போனால், பதிவாகாத எடுப்பு அங்கே சேர்ந்துகொண்டிருக்கிறது என்று பொருள்.

காரணம் சொந்தக் கணக்கின் அறிக்கையில் கிடைத்தது. கல்லா மேசையில் இரண்டு கியூஆர் அட்டைகள் இருந்தன. ஒன்று கடையின் நடப்புக் கணக்குக்கு உரியது, மற்றொன்று உரிமையாளரின் சேமிப்புக் கணக்குக்கு உரியது. இரண்டாவதில் வாடிக்கையாளர்கள் செலுத்திய பணத்துக்கும் பில் போடப்பட்டு, ரொக்க விற்பனையாகவே பதிவாகியிருந்தது. ஆண்டு முழுவதும் அவ்வாறு வந்தது 1,72,000 ரூபாய். இதை அப்படியே எடுப்பாகக் கொள்வதும் தவறு. அதே சேமிப்புக் கணக்கிலிருந்து ஒரு மொத்த வியாபாரிக்கு 42,000 ரூபாய் அனுப்பப்பட்டு, அது ஏட்டில் ரொக்கமாகக் கொடுத்ததாக எழுதப்பட்டிருந்தது. கடைக்காகத் திரும்பிய அந்தத் தொகையைக் கழித்தால் 1,30,000 ரூபாய். ஏட்டு ரொக்கத்துக்கும் கல்லாவுக்கும் உள்ள வித்தியாசமும் சரியாக அதுவே.

எல்லாக் கடைகளிலும் இப்படிச் சல்லிக்காசு பிசகாமல் ஒத்துவராது. விளக்கம் கிடைக்காத பகுதியை எடுப்பாகக் கொள்வதற்கு முன், பதிவாகாத கடைச் செலவு ஏதேனும் உண்டா, வேலையாட்களுக்கு முன்பணம் கொடுத்தது விடுபட்டதா, கல்லாவில் கை வைத்தவர் வேறு யாரேனும் உண்டா என்று பார்த்துவிட வேண்டும்.

நான்காம் படி: ஒப்பிடுதல்

| இலாபம் | ரூபாய் |
|---|---|
| ஏட்டின்படி நிகர இலாபம் | 5,20,000 |
| சரக்கிருப்புக் குறைவு | −90,000 |
| வீட்டுக்கு எடுத்த சரக்கு | +35,000 |
| கொடுபடாத வாடகை | −40,000 |
| வாராக்கடன் | −60,000 |
| செலவிலிருந்த சொந்தச் செலவு | +60,000 |
| திருத்திய இலாபம் | 4,25,000 |

| எடுப்பு | ரூபாய் |
|---|---|
| பேரேட்டின்படி | 4,60,000 |
| செலவிலிருந்து மாற்றியது | 60,000 |
| சரக்கும் அதற்கான வரியும் | 41,300 |
| கல்லூரிக் கட்டணம் | 85,000 |
| சொந்தக் கணக்குக்குப் போனது | 1,30,000 |
| திருத்திய எடுப்பு | 7,76,300 |

எடுப்பு இலாபத்தைவிட 3,51,300 ரூபாய் அதிகம். 60,000 ரூபாய் மிச்சம் என்று சொன்ன ஏடு, அதே ஆண்டுக்கு இப்போது இதைச் சொல்கிறது. திருத்திய எடுப்பு மாதம் 64,700 ரூபாய் அளவில் வருவதால், தாளில் எழுதிய வீட்டுச் செலவோடும் பொருந்துகிறது.

ஐந்தாம் படி: இருப்புநிலைக் குறிப்பின் வழியே சரிபார்த்தல்

மேலே செய்த கூட்டல் கழித்தலில் ஏதாவது விடுபட்டிருந்தால் அது தானாகத் தெரியாது. அதனால் வேறொரு வழியில் அதே விடைக்கு வர வேண்டும். மார்ச் 31 அன்று உண்மையில் கடையில் இருந்த சொத்துகளை மட்டும் எழுதுங்கள்: சரக்கு 16,10,000, வரவேண்டிய கடன் 6,70,000, ரொக்கம் 12,000, வண்டியும் தளவாடமும் 2,00,000. மொத்தம் 24,92,000 ரூபாய். கொடுக்க வேண்டியவை: சரக்குக் கொடுத்தவர்களுக்கு 8,55,000, வங்கியின் சிசி என்ற சுழல் கடன் கணக்கில் 5,92,000, வாடகை 40,000, திருப்ப வேண்டிய வரி 6,300. மொத்தம் 14,93,300 ரூபாய். மீதி 9,98,700 ரூபாய்தான் உரிமையாளரின் உண்மையான இறுதி முதல்.

```
எடுப்பின் மிகுதி = தொடக்க முதல் + ஆண்டில் போட்ட முதல் − இறுதி முதல்
            = 12,00,000 + 1,50,000 − 9,98,700
            = 3,51,300
```

இரண்டு வழியிலும் ஒரே விடை வந்தால் திருத்தங்கள் முழுமையடைந்தன என்று நம்பலாம். வராவிட்டால், வித்தியாசத் தொகையை வைத்துத் தேட வேண்டும். ஒரு சொத்தைக் குறைத்துவிட்டு அதற்கு எதிர்ப்பதிவை இலாபத்திலோ எடுப்பிலோ செய்யாமல் விட்டிருப்பதே பெரும்பாலும் காரணமாக இருக்கும்.

நகைக் கடன் பணம் இந்தக் கணக்கில் எப்படி நடத்தப்படுகிறது என்பதைக் கவனியுங்கள். வெளியிலிருந்து போட்ட 1,50,000 ரூபாயைச் சேர்க்காமல், தொடக்க முதலையும் இறுதி முதலையும் மட்டும் ஒப்பிட்டிருந்தால் மிகுதி 2,01,300 ரூபாய் என்றே தோன்றியிருக்கும். நகைக் கடனை முதலாகக் காட்டாமல் கடையின் கடனாகவே எழுதினால் இறுதி முதல் அந்த அளவு குறையும், ஆண்டில் போட்ட முதலும் பூச்சியமாகும், மிகுதி மட்டும் மாறாது. வீட்டு வாடகை வருமானம், நிலம் விற்ற பணம், உறவினர் கொடுத்த கைமாற்று எதுவாக இருந்தாலும், கடைக்கு வெளியிலிருந்து வந்ததை விற்பனையோடும் இலாபத்தோடும் கலக்கக் கூடாது.

மிகையாக எடுத்த பணம் எங்கிருந்து வந்தது

இந்தக் கேள்விக்கு இரண்டு இருப்புநிலைக் குறிப்புகளின் வித்தியாசமே பதில் சொல்லும். தொடக்கத்தில் சரக்கு 14,00,000, வரவேண்டியது 6,00,000, ரொக்கம் 50,000. சரக்குக் கொடுத்தவர்களுக்குப் பாக்கி 6,40,000, சிசி 4,50,000. ஆண்டுக்குள் சரக்குக் கொடுத்தவர்களின் பாக்கி 2,15,000 ரூபாயும், சிசி 1,42,000 ரூபாயும், நகைக் கடன் 1,50,000 ரூபாயும் ஏறியிருக்கின்றன. அதில் ஒரு பகுதி சரக்கும் வரவேண்டிய கடனும் கூடியதற்குப் போயிருக்கிறது, அது கடைக்குள்ளேயே இருக்கிறது. மற்றது வீட்டுக்குப் போயிருக்கிறது. மொத்த வியாபாரிகள் தவணை தள்ளிக் கொடுக்கும்வரை இந்த நிலை வெளியே தெரியாது. அவர்களில் ஒருவர் தவணையை நிறுத்தினாலும், உண்மைச் சரக்கை எண்ணி வங்கி சிசியில் எடுக்கும் வரம்பைக் குறைத்தாலும், இடைவெளி ஒரே மாதத்தில் தெரிந்துவிடும்.

வரி நோக்கிலும் ஒரு விளைவு உண்டு. வியாபாரத்துக்கென்று வாங்கிய கடனைச் சொந்தச் செலவுக்குத் திருப்பியிருந்தால், அந்தப் பகுதிக்குரிய வட்டியை வியாபாரச் செலவாகக் கழிப்பதை வரி அலுவலர் மறுக்கலாம். முதல் கணக்கே எதிர்மறையாகப் போய்விட்ட கடையில் இந்தக் கேள்வி எழுவதற்கான வாய்ப்பு அதிகம்.

ஆனாலும் ஓர் ஆண்டு எடுப்பு மிஞ்சியதை வைத்து மட்டும் கடை நலிகிறது என்று முடிவு கட்டுவது சரியாகாது. முந்தைய ஆண்டுகளின் இலாபத்தை எடுக்காமல் சேர்த்து வைத்தவர், மகளின் திருமணத்துக்காக ஒரு வருடம் மொத்தமாக எடுத்தால் அது அவர் சேர்த்த பணம்தான். இதே சோதனையை மூன்று ஆண்டுகளுக்குச் செய்து பார்த்தால், ஒரு முறை வந்த செலவா, வழக்கமாகிவிட்டதா என்று தெரியும். நமது கடையில் கல்லூரிக் கட்டணத்தை முழுவதுமாக ஒதுக்கிவிட்டாலும் எடுப்பு 6,91,300 ரூபாய் இருக்கிறது. ஆகவே இங்கே மிகுதி வழக்கமான வீட்டுச் செலவிலிருந்தே வருகிறது.

எடுப்பு இலாபத்துக்குச் சமமாக இருந்தால் போதும் என்பதும் எல்லாக் கடைக்கும் பொருந்தாது. வண்டிக் கடனின் அசலைத் திருப்பிச் செலுத்துவதற்கும் சரக்கைப் பெருக்குவதற்கும் தேவையான பணமும் இலாபத்திலிருந்துதான் வர வேண்டும். அந்த அளவை ஒதுக்கிய பிறகு மிஞ்சுவதே எடுக்கத்தக்கது. நமது கடை, ஏறிய 2,15,000 ரூபாய்ச் சரக்குப் பாக்கியை இரண்டு ஆண்டுகளில் இறக்க விரும்பினால், இதே இலாபத்தில் ஆண்டுக்கு ஏறத்தாழ 3,17,000 ரூபாய், அதாவது மாதம் 26,000 ரூபாய்தான் எடுக்க முடியும். கட்டிப்போன சரக்கை விற்றும் நிலுவைகளை வசூலித்தும் பாக்கியில் ஒரு பகுதியை அடைத்தால் இந்தத் தொகை சற்றுக் கூடும்.

திருத்தங்களை ஏட்டில் ஏற்றுதல்

தனித் தாளில் விடை கண்டதோடு நின்றுவிட்டால், அடுத்த மார்ச்சில் இதே வேலையை மீண்டும் தொடக்கத்திலிருந்து செய்ய நேரும். எனவே ஒவ்வொரு திருத்தத்தையும் 2025 மார்ச் 31 தேதியிட்டு நாட்குறிப்புப் பதிவாக எழுத வேண்டும். எடுப்புக் கணக்கைப் பற்று வைத்து ரொக்கத்தில் 1,30,000 ரூபாயும், முன்பணத்தில் 85,000 ரூபாயும், கொள்முதலில் 35,000 ரூபாயும், காப்பீடு மற்றும் மின்கட்டணக் கணக்குகளில் 60,000 ரூபாயும், உள்ளீட்டு வரிக் கணக்கில் 6,300 ரூபாயும் வரவு வைக்க வேண்டும். வாடகையையும் வாராக்கடனையும் அவற்றுக்குரிய கணக்குகளில் எழுதி, சரக்கிருப்பை எண்ணிய தொகைக்கு மாற்றிவிட வேண்டும். அந்த ஆண்டுக்கான வரிப் படிவம் ஏற்கெனவே தாக்கல் ஆகியிருந்தால், பழைய தேதியில் பதிவதற்கு முன் தணிக்கையாளரிடம் கேட்டு, தேவையானால் நடப்பு ஆண்டிலேயே முந்தைய ஆண்டுத் திருத்தம் என்று தனியாகக் காட்டலாம்.

இரண்டாவது கியூஆர் அட்டையை மேசையிலிருந்து எடுத்துவிட்டு, மாத முடிவில் கல்லாவை எண்ணி ஏட்டு ரொக்கத்தோடு ஒப்பிட்டு, வித்தியாசத்தை அந்த மாதமே எடுப்பில் பற்று வைத்துவந்தால், அடுத்த ஆண்டின் சோதனையில் சரக்கை எண்ணுவதும் நிலுவைப் பட்டியலைப் பார்ப்பதும் மட்டுமே பெரிய வேலையாக மிஞ்சும்.